நுண்பை நங்கூரமிடுவதும் சவ்வுகள் ஒன்றாவதும்: ஸ்நேர் புரதங்களின் பங்கு

உயிரணுவுக்குள் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்குச் சரக்கைச் சுமந்து செல்லும் நுண்பை, தான் சேரவேண்டிய சவ்வை அடையாளம் கண்டு நிற்பதற்கும், நின்றபின் அச்சவ்வோடு கலந்து ஒன்றாவதற்கும் ஸ்நேர் புரதங்களே காரணம் என்ற அபிப்பிராயம் பாடநூல்களில் வேரூன்றியிருக்கிறது. இவற்றில் இரண்டாவதை ஐயமின்றி ஒப்புக்கொள்ளலாம். முதலாவதை அவ்வளவு எளிதில் ஒப்புவதற்கில்லை என்பதே என் வாதம்.

அந்த அபிப்பிராயம் பிறந்த வரலாறு இது. கோல்கி உறுப்பின் அடுக்குகளுக்கிடையே நிகழும் போக்குவரத்தைச் சோதனைக் குழாயில் நிகழ்த்திக் காட்டிய ராத்மன் குழுவினர், 1988-இல் என்.எஸ்.எப். என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது சவ்வில் பற்றும் இடத்தைத் தேடி மாட்டு மூளையை ஆராய்ந்தபோது, 1993-இல் அவர்கள் கையில் கிடைத்தவை நுண்பையின் மேலிருக்கும் சினாப்டோபிரெவினும், நரம்பு முனையின் சவ்விலிருக்கும் ஸின்டாக்ஸினும் ஸ்னாப்-25-உமாகிய ஸ்நேர்களே. எதிரெதிர்ச் சவ்வுகளில் இருப்பவை தம்முள் சேர்கின்றன என்று கண்டவர்கள், நுண்பை தன் இலக்கை அறிவதும் இச்சேர்க்கையாலேயே என்று கொண்டது இயல்பே.

சேர்க்கையின் விதம் இது: சினாப்டோபிரெவினும் ஸின்டாக்ஸினும் ஆளுக்கொரு சுருளும், ஸ்னாப்-25 இரு சுருள்களுமாகத் தந்து, சவ்விலிருந்து தொலைவான நுனியில் தொடங்கிச் சவ்வை நோக்கி நாற்புரிக் கயிறு போல முறுக்கேறுகின்றன, முறுக்கு முன்னேற முன்னேற, ஒன்றையொன்று விலக்கும் இரு சவ்வுகளும் நெருக்கப்பட்டு, முடிவில் கலக்கின்றன. கலந்தபின் அம்முறுக்கை ஏ.டி.பி.யின் ஆற்றலைச் செலவிட்டு அவிழ்த்து, புரதங்களை மறுபயனுக்கு விடுவிப்பதே என்.எஸ்.எப்.பின் வேலை.

இனி, விஷங்கள் அளிக்கும் சாட்சியத்துக்கு வருவோம். டெட்டனஸ் விஷம் சினாப்டோபிரெவினைத் துண்டிக்கிறது. கணவாயின் பெரும் நரம்பு முனைக்குள் அதைச் செலுத்தி, 1994-இல் மின்னணு நுண்ணோக்கியால் பார்த்தபோது, நரம்புச் செய்தி கடத்தப்படுவது நின்றிருந்தது. ஆயினும் சவ்வருகே நிற்கும் நுண்பைகள் குறையவில்லை, பெருகியே இருந்தன. நங்கூரமிடுவது அப்புரதத்தின் காரியமாயின், அவை விலகியிருக்க வேண்டுமன்றோ? போட்டுலினத்தின் ஏ வகையோ ஸ்னாப்-25-இன் கடை முனையில் ஒன்பது அமினோ அமிலங்களை மட்டுமே நறுக்குகிறது. கயிறு பெரும்பாலும் முறுக்கேறிவிட்ட போதிலும் சவ்வுக்கு அண்மையான கடைப் பகுதி குறைவுபட்டு, கலப்பு தடைப்படுகிறது. கால்சியத்தை வெகுவாகக் கூட்டினால் அத்தடை ஓரளவு தளர்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் தகாது. திசுவை நொடிப்பொழுதில் உறையச் செய்து நுணுக்கமாக அளந்த பிற்காலத்தார், ஸ்நேர் இல்லாத எலிகளின் நரம்பு முனைகளில், நுண்பைகள் சவ்வின் அண்மைக்கு வந்து நின்றும் அதைத் தொடுவதில்லை என்று கண்டார்கள். ஆகவே நங்கூரம் என்று நாம் அழைத்தது இரண்டு நிலைகளைக் கொண்டது: தொலைவிலிருந்து பிடித்திழுத்து நிறுத்துவது ராப் புரதங்களும் நீண்ட பற்றுப் புரதங்களும் செய்யும் தொழில், அதன்பின் எஞ்சிய சில நானோமீட்டர்களை மூடுவதே ஸ்நேர்களின் தொழில், அதுவும் மன்க்-18, மன்க்-13 என்னும் புரதங்களின் துணையோடு.