நடுவர் ஐவர், வரிசை ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் நடந்த கட்டுரைப் போட்டிக்கு நடுவர் ஐவரில் ஒருவனாக இருக்கும்படி என்னை அழைத்திருந்தார்கள். எழுதியவர் பெயர் எங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகக் கட்டுரைகளுக்குப் பூக்களின் பெயரை இட்டிருந்தனர். இறுதிச் சுற்றில் மல்லிகை, தாமரை, அல்லி என மூன்று நின்றன. ஐவரும் தனித்தனியே வரிசைப்படுத்தித் தர வேண்டும். முதலிடத்துக்கு 3, இரண்டாம் இடத்துக்கு 2, மூன்றாம் இடத்துக்கு 1 என்று புள்ளியிட்டுக் கூட்டி, மிகுதியாகப் பெற்றதற்குப் பரிசு என்பது ஏற்பாடு.

மூவர் மல்லிகை, தாமரை, அல்லி என்று எழுதினார்கள். என்னையும் சேர்த்து இருவர் தாமரை, அல்லி, மல்லிகை என்று எழுதினோம். கூட்டிப் பார்த்தபோது தாமரைக்கு 12, மல்லிகைக்கு 11, அல்லிக்கு 7. தாமரையே முதல் என்று செயலாளர் குறித்துக்கொண்டார். பரிசளிப்புக்கு முதல் நாள், அல்லி என்ற கட்டுரை பழைய ஆண்டு மலர் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து எழுதப்பட்டது என்பது வெளிப்பட்டது. அதை நீக்கினோம். எஞ்சிய இரண்டையும் பார்த்தால், ஐவரில் மூவர் மல்லிகையையே மேலே வைத்திருந்தார்கள்! மல்லிகையிலோ தாமரையிலோ ஓர் எழுத்தும் மாறவில்லை. எந்த நடுவரும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. போட்டியில் இருக்கவே தகுதியற்ற மூன்றாவது கட்டுரை ஒன்று விலகியதும் முதல்வர் மாறிவிட்டார்.

எங்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற கணக்காசிரியர். அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, இது நம் ஊர்ச் சண்டை அன்று, பாரிஸ் நகரத்துச் சண்டை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது" என்றார். அன்று அவர் தொடங்கி வைத்ததையே நான் பின்னர் தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல வந்தேன்.

ழான் சார்ல் தெ போர்தா என்பவர் 1733இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். கடற்படை அதிகாரி, கணித அறிஞர். ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்ப அளந்து, பிழைகளை ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளச் செய்யும் அளவுக் கருவி ஒன்றைச் செம்மைப்படுத்தியவர். மீட்டர் என்னும் அளவை நிறுவுவதற்காகப் பிரான்சில் நிலத்தை அளந்தவர்கள் அந்தக் கருவியைத்தான் கையாண்டார்கள். பல அளவுகளைக் கூட்டிச் சராசரி காண்பதில் நம்பிக்கை கொண்ட அந்த மனம்தான் தேர்தலிலும் புள்ளிகளைக் கூட்டச் சொல்லியது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என் ஊகமே.

1770இல் அவர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் ஓர் உரை படித்தார். அது 1784இல்தான் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. ஆளுக்கு ஒரு பெயரை மட்டும் எழுதி, மிகுதியான சீட்டுப் பெற்றவரைத் தேர்ந்தெடுக்கும் பழைய வழக்கம் பிழையானது என்று காட்டுவதே அவர் நோக்கம். அவர் தந்த கணக்கு இது. போட்டியிடுவோரைப் பியேர், போல், ழாக் என்று அழைப்போம். வாக்காளர் 21 பேர். ஒருவர் பியேர், போல், ழாக் என வரிசையிடுகிறார். எழுவர் பியேர், ழாக், போல் என்கின்றனர். வேறு எழுவர் போல், ழாக், பியேர் என்கின்றனர். எஞ்சிய அறுவர் ழாக், போல், பியேர் என்கின்றனர். முதலிடங்களை மட்டும் எண்ணினால் பியேருக்கு 8, போலுக்கு 7, ழாக்குக்கு 6, வெற்றி பியேருக்கே. ஆனால் 21 பேரில் 13 பேர் அந்தப் பியேரைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். போர்தாவின் முறைப்படி 3, 2, 1 என்று புள்ளியிட்டால் ழாக்குக்கு 47, போலுக்கு 42, பியேருக்கு 37. வரிசை முற்றிலும் தலைகீழாகிவிட்டது. எங்கள் செயலாளர் அறியாமலே கையாண்டதும் இந்த முறைதான்.

கழகம் தன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க இந்த முறையையே மேற்கொண்டது. ஆயினும் அதே கழகத்தின் செயலாளராக இருந்த கோந்தொர்சே பிரபு இதனோடு உடன்படவில்லை. அவர் 1743இல் பிறந்தவர். போர்தாவைவிடப் பத்து வயது இளையவர். 1785இல் அவர் வெளியிட்ட பெருநூலில் வேறொரு வழியை வற்புறுத்தினார். போட்டியாளரை இருவர் இருவராக நிறுத்தி, இவரா அவரா என்று மட்டும் கேட்க வேண்டும். மற்ற எல்லாரையும் தனித்தனியே வெல்பவர் எவரோ அவரே முதல்வர் என்பது அவர் கொள்கை. (இந்த எண்ணமும் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மயோர்க்காத் தீவைச் சேர்ந்த ரமோன் லுல் என்னும் ஞானி, மடத்துத் தலைவியைத் தேர்ந்தெடுக்க இதை ஒத்த வழியைச் சொல்லியிருக்கிறார். பாரிசில் சண்டையிட்ட இருவரும் அதை அறிந்ததாகத் தெரியவில்லை.)

போர்தாவுக்கு எதிராகக் கோந்தொர்சே காட்டிய கணக்கைச் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன். வழக்கின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது. வாக்காளர் 81 பேர். பியேர், போல், ழாக் என்போர் 30. போல், பியேர், ழாக் என்போர் 29. போல், ழாக், பியேர் என்போர் 10. ழாக், பியேர், போல் என்போர் 10. பியேர், ழாக், போல் என்பவர் ஒருவர். ழாக், போல், பியேர் என்பவர் ஒருவர். பியேரையும் போலையும் மட்டும் எதிரெதிரே நிறுத்தினால் 41 பேர் பியேர் பக்கம், 40 பேர் போல் பக்கம். ழாக்கோ இருவரிடமும் தோற்பவர். ஆகவே முதல்வர் பியேர். ஆனால் போர்தாவின் முறைப்படி கூட்டினால் போலே வெல்கிறார். போலுக்கு 39 முதலிடங்கள், 31 இரண்டாமிடங்கள்; பியேருக்கு 31 முதலிடங்கள், 39 இரண்டாமிடங்கள்; இருவருக்கும் கடைசி இடம் 11. முதலிடத்துக்கு இரண்டாமிடத்தைவிட எவ்வளவு மிகுதியாகப் புள்ளி தந்தாலும், போலைப் பியேர் முந்த முடியாது. எண்களை மாற்றி இதைச் சரிசெய்ய இயலாது என்பதே கோந்தொர்சேயின் அடி.

வேறுபாடு எங்கே பிறக்கிறது? போலை மேலே வைத்த 40 பேரில் 10 பேர், அவருக்கும் பியேருக்கும் இடையே ழாக்கை நுழைத்திருக்கிறார்கள். அந்தப் பத்துத் தாள்களிலும் போல் இரண்டு புள்ளி முந்துகிறார்; மற்றவற்றில் ஒன்றுதான். பியேர் பக்கத்தில் அப்படி இரட்டை இடைவெளி விட்டவர் ஒருவரே. இடையில் ஒருவர் நிற்பதால் அந்த இருவருக்கும் உள்ள தகுதி வேற்றுமை பெரிது என்று கொள்ளலாம் என்பது போர்தாவின் கணிப்பு. தோற்றுப்போன மூன்றாமவர் எங்கே நிற்கிறார் என்பது இவ்விருவர் வழக்கில் சாட்சி ஆகாது என்பது கோந்தொர்சேயின் பதில். எங்கள் அல்லிக் கட்டுரையும் இவ்வாறே இரண்டு தாள்களில் இடையில் புகுந்து தாமரைக்குத் துணை செய்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரு முறைகளும் ஒரே அட்டவணையிலிருந்து பிறப்பவை. கடைசி இடத்துக்குப் பூஜ்யம் என்று வைத்தால், ஒரு தாளில் ஒருவர் பெறும் புள்ளி, அதில் அவருக்குக் கீழே நிற்பவர்களின் எண்ணிக்கையே. ஆகவே எல்லா இணைகளிலும் ஒருவர் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் அவருடைய போர்தாப் புள்ளி வந்துவிடும். போர்தா வாக்குகளை எல்லாம் கூட்டுகிறார். கோந்தொர்சே ஒவ்வோர் இணையிலும் வென்றது யார் என்பதை மட்டும் பார்க்கிறார்.

அப்படியானால் கோந்தொர்சே வழி குற்றமற்றதா என்றால், அதன் குறையைக் கண்டு சொன்னவரும் அவரே. வாக்காளர் 60 பேர் கொண்ட ஒரு கணக்கில், பியேர் போலை 33க்கு 27 என்று வெல்கிறார். போல் ழாக்கை 42க்கு 18 என்று வெல்கிறார். ழாக்கோ பியேரை 35க்கு 25 என்று வெல்கிறார். ஒவ்வொரு வாக்காளரும் ஒழுங்காகவே வரிசையிட்டிருந்தும், பெரும்பான்மை செக்கு மாடுபோல் வட்டம் சுற்றுகிறது. முதல்வர் என்று எவரும் இல்லை. இந்நிலையில் மிகச் சிறிய பெரும்பான்மையால் வந்த முடிவைக் கைவிடலாம் என்றார் அவர். 33க்கு 27 என்பதை விட்டால், போல், ழாக், பியேர் என்ற வரிசை கிடைக்கும். மூவருக்கு இது போதும். போட்டியாளர் பெருகி வட்டங்கள் ஒன்றோடொன்று பின்னும்போது அவருடைய நூலில் தெளிவு குறைந்துவிடுகிறது. நடுவர்களின் தாள்களோடு மிகக் குறைந்த இணைகளில் முரண்படும் வரிசை எதுவோ அதையே கொள்க என்னும் விதியை ஜான் கெமெனி 1959இல் வகுத்தார். கோந்தொர்சே சொல்ல முயன்றதும் அதுவே என்று பெய்டன் யங் 1988இல் விளக்கினார். ஆனால் அதே யங், முழு வரிசை வேண்டாம், சிறந்த ஒருவர் மட்டும் போதும் என்னும்போது, நடுவர்கள் சரியாகச் சொல்லும் வாய்ப்புப் பாதிக்குச் சற்றே மேலாக இருக்குமானால் போர்தாவின் கூட்டலே மேலான வழிகாட்டி என்றும் காட்டினார்! போர்தாவின் கட்சி அடியோடு தோற்றுவிடவில்லை.

போர்தாவிடம் ஒரு குறையை எடுத்துக்காட்டியபோது, தம் முறை நேர்மையானவர்களுக்காகவே அமைந்தது என்று அவர் விடை கூறினாராம். அது என்ன குறை என்பதை நான் என் தாளிலேயே கண்டேன். தாமரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதற்கு உண்மையான போட்டி மல்லிகைதான் என்பதும் எனக்குத் தெரியும். அல்லியை மல்லிகைக்கு மேல் வைத்தபோது, அதுவே சிறந்தது என்று நம்பித்தான் வைத்தேனா? அல்லியின் நடை நன்றாகத்தான் இருந்தது. அது வேறொருவர் நடை என்று அப்போது தெரியாது. ஆயினும் இன்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. நான் ஒருவன் மட்டும் மல்லிகையை இரண்டாவதாக எழுதியிருந்தால் இரண்டு கட்டுரைகளும் ஆளுக்கு 12 பெற்றுச் சமமாகியிருக்கும். என்னோடு ஒத்த நடுவரும் அவ்வாறே எழுதியிருந்தால் மல்லிகை 13 பெற்று வென்றிருக்கும். இருவர் இருவராக எண்ணும் முறையிலோ, நாங்கள் அல்லியை எங்கே வைத்தாலும் மல்லிகைக்கு 3, தாமரைக்கு 2 என்பது அசையாது. பொய்யான வரிசையால் வட்டத்தை உண்டாக்கி அந்த முறையையும் குலைக்கலாம். ஆனால் அதற்கு மற்றவர் தாள்கள் எப்படி இருக்கும் என்பது முன்னரே தெரிய வேண்டும்.

அன்று மாலை முதற் பரிசை மல்லிகைக்கே கொடுத்தோம். முடிவுத் தாளில் நானும் ஒப்பமிட்டேன். என் ஐயத்தை அங்கே எவரிடமும் சொல்லவில்லை. மறு ஆண்டு இறுதிச் சுற்றுக்குப் பதினொரு கட்டுரைகள் வந்தன. கணக்காசிரியர் 55 இணைகளுக்கும் கட்டம் வரைந்த ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அதை நிரப்பி முடிக்க எங்களுக்கு இரவு பத்து மணியாயிற்று.