தோழமை நினைவக ஒதுக்கி

தோழமை நினைவக ஒதுக்கி என்பது, நினைவகத்தை இரண்டின் அடுக்கான அளவுகளில் மட்டுமே பிரித்து வழங்கி, விடுவிக்கப்பட்ட துண்டுகளை மீண்டும் ஒன்றுசேர்க்கும் முறையாகும். கென்னத் நோல்ற்றன் 1965இல் வெளியிட்ட இம்முறையை லினக்ஸ் கருவகம் இன்றும் பயன்படுத்துகிறது.

1024 பைற்றுப் பரப்பில் 100 பைற்று கேட்கப்பட்டால், 8 பைற்றுத் தலைப்பும் சேர்ந்து 108 ஆவதால், 128 அளவுத் துண்டு கிடைக்கும்வரை பரப்பு 512, 256, 128 எனப் பாதியாகப் பிளக்கப்படும். ஒரே பிளப்பில் பிறந்த இரு துண்டுகளும் தோழர்கள் எனப்படும். பரப்பின் தொடக்கத்திலிருந்து துண்டுக்குள்ள தூரம் `off`, அதன் அளவு 2-இன் `k`-ஆம் அடுக்கு எனில், தோழரின் இடம் ஒரே வரியில் கிடைக்கும்:

```c
size_t buddy = off ^ ((size_t)1 << k);
```

இங்கு `off`-க்குப் பதிலாக முழு முகவரியைப் பயன்படுத்தினால், பரப்பின் தொடக்கம் அதன் முழு அளவுக்கேற்ப ஒழுங்கமையாதபோது விடை பிழைக்கும்.

சேர்க்கும்போது, தோழர் வெறுமையாக உள்ளதா என்பதோடு அதன் அளவும் சமமா என்று பார்க்க வேண்டும். மேற்கண்ட துண்டு 0இல் இருக்க, அடுத்து இருமுறை 50 பைற்று கேட்கப்பட்டால் 128இலும் 192இலும் 64 அளவுத் துண்டுகள் வழங்கப்படும். 128இல் உள்ளதை விடுவித்தபின் 0இல் உள்ளதையும் விடுவித்தால், அதன் தோழர் இருக்கவேண்டிய 128ஆம் இடம் வெறுமையாகத் தோன்றினாலும், அங்கிருப்பது பாதித் துண்டே. அளவைப் பாராமல் சேர்த்தால், 192இல் பயன்பாட்டிலுள்ள நினைவகம் வேறொருவருக்கும் வழங்கப்பட்டு, தரவு சத்தமின்றிச் சிதையும். ஆகவே, தோழரின் தலைப்பைச் சுட்டுவது `h` எனில், நிபந்தனை இவ்வாறு அமைய வேண்டும்:

```c
if (h->free && h->order == k)
```

108 பைற்றுக்கு 128 வழங்கப்படுவதால் ஏற்படும் உள்வீணாக்கம் இம்முறையின் நிலையான குறைபாடாகும்.