மூடுபனி நீக்கமும் இருள் தட முறையும்

டீஹேசிங் எனப்படும் மூடுபனி நீக்கம், வெளிப்புறக் காட்சிகளின் மீது பனியோ புகைமூட்டமோ படியவைத்த வெண்திரையைக் கணக்கிட்டு அகற்றும் முறையாகும். இதன் வேர் கணினிக்கு முந்தையது. 1924-இல் செருமானிய வானிலையாளர் ஹரால்டு கோஷ்மீடர், தொலைவில் உள்ள பொருள் காற்றினூடே எவ்வாறு மங்குகிறது என்பதை விளக்கினார். அதன் இன்றைய வடிவம் இது:

`I = J·t + A(1 − t)`

இதில் I கேமரா பதிவு செய்த ஒளி, J பொருளின் உண்மை ஒளி, A மூட்டத்தின் ஒளி. t என்பது பொருளின் ஒளியில் சிதறாமல் வந்து சேரும் பங்கு. தொலைவு கூடக்கூட இது குறையும்.

I மட்டுமே கையில் இருக்க, மற்ற மூன்றும் தெரியாதவை. ஆகவே தொடக்க ஆய்வுகள் கூடுதல் படங்களை நாடின. நரசிம்மனும் நாயரும் வெவ்வேறு வானிலையில் எடுத்த ஒரே காட்சியின் படங்களை ஒப்பிட்டனர். முனைவாக்க வடிகட்டியைத் திருப்பி எடுத்த படங்களும் பயன்பட்டன. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்படத்துக்கு இவை எளிதில் பொருந்தவில்லை.

2009-இல் கைமிங் ஹே, ஜியான் சுன், சியாவோ டாங் ஆகியோர் ஒரே படத்திலிருந்து விடை காணும் வழியை வெளியிட்டனர். தெளிந்த வெளிப்புறப் படத்தில், வானம் நீங்கலாக, ஏறத்தாழ எந்தச் சிறு பகுதியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றாவது சுழியை ஒட்டிய படப்புள்ளி இருக்கும். நிழல், இலை, அடர்நிறச் சுவர் ஆகியன இதற்குக் காரணம். 15×15 புள்ளிகள் கொண்ட சதுரத்தில் கிடைக்கும் இந்த மிகக் குறைந்த மதிப்பே இருள் தடம். மூட்டம் இருந்தால் அது உயர்கிறது. அந்த உயர்விலிருந்து t கணிக்கப்படுகிறது. எளிய கவனிப்புதான், ஆனால் அதுவரை யாரும் இவ்வாறு பயன்படுத்தியிருக்கவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். A = 220, t = 0.2 எனக் கொள்க. உண்மை மதிப்பு 60 உள்ள சுவர் 188 ஆகவும், 100 உள்ள கதவு 196 ஆகவும் பதிவாகும். சூத்திரத்தைத் திருப்பினால் (188 − 176) ÷ 0.2 = 60 எனச் சுவர் மீள்கிறது. ஆனால் 40 படிகளாக இருந்த வேறுபாடு கோப்பில் 8 படிகளாகவே எஞ்சியுள்ளது. அதை ஐந்து மடங்கு இழுக்கும்போது கேமராவின் ±2 இரைச்சலும் ±10 ஆகிவிடும். தொலைவுப் பகுதிகள் மணல்போல் பொரிவதும், சுருக்கப்பட்ட நிகழ்படத்தில் கட்டங்கள் எழுவதும் இதனால்தான். t-க்குக் கீழ் எல்லையாக 0.1 வைக்கப்படுவதும் இதற்காகவே. முற்றிலும் மறைந்த பொருளை இம்முறை மீட்காது.

வெண்மையும் இதனை ஏமாற்றும். அருகிலுள்ள வெள்ளைச் சுவரில் இருண்ட புள்ளி இல்லாததால் அது மூட்டமாகவே எண்ணப்பட்டு, பழுப்பேறி இருளும். வானத்தில் நிறப்பட்டைகள் தோன்றும். தூசிக் காற்றின் ஒளி மஞ்சளானது. A-ஐ மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே கணிக்காவிட்டால் காட்சி செம்மஞ்சளாகவே நிற்கும்.

நிகழ்படத்தில் A ஒவ்வொரு சட்டகத்திலும் புதிதாகக் கணிக்கப்பட்டால், வெள்ளைப் பேருந்து ஒன்று நுழைந்ததும் அதன் மதிப்பு தாவி, காட்சி முழுதும் மினுக்கும். எனவே பல சட்டகங்களின் A சராசரியாக்கப்படுகிறது. பேருந்து கடந்தபோது அசையாத கட்டடங்களின் நிறமும் மாறினால், அந்தச் சராசரி போதவில்லை என்று அறியலாம்.