சமநிலை வட்டி வீதம்

‘சம’ என்ற வடசொல்லோடு, ‘நில்’ என்ற வினையில் பிறந்த ‘நிலை’ சேர்ந்து சமநிலை ஆனது. மக்கள் கையில் வைத்திருக்க விரும்பும் பணமும் புழக்கத்தில் உள்ள பணமும் ஒத்துப்போகும் வட்டியே சமநிலை வட்டி. 1936-இல் கெயின்ஸ் விளக்கிய நீர்மை விருப்பமே இந்தக் கருத்தின் வேர்.

வருமானம் மாறாதபோது உண்மைப் பணத் தேவை 800 − 50r என்று கொள்வோம், r சதவீதத்தில். பண அளிப்பு 1,200, விலை மட்டம் 2 என்றால் உண்மைப் பண அளிப்பு 600. 800 − 50r = 600 என்று எழுதினால் r = 4.

வட்டி 6 ஆக இருந்தால் தேவை 500தான். மிஞ்சும் 100 கடன்பத்திரங்களுக்குப் போகும். அவற்றின் விலை ஏற ஏற, வட்டி 4 வரை இறங்கும்.

விலை மட்டத்தால் வகுக்க மறந்தால் r = −8 என்று வரும்; அந்தக் கழித்தல் குறியே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.