பேச்சு வேறு, எழுத்து வேறு: விண்ணப்பத்தில் மொழிகளைக் குறிப்பிடும் முறை

மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை இருக்கிறது. 2016 ஏப்ரலில் அது மத்திய அரசிடமிருந்து கியூபெக் அரசின் பொறுப்புக்கு வந்தது. இத்தகைய இடங்களில் பராமரிப்பு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, எம்மில் பலர் "தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். எந்த மொழியில் எதைச் செய்ய முடியும் என்பதை அந்த வரி சொல்வதில்லை.

முதியவரிடம் "எங்கே நோகிறது?" என்று கேட்கப் பேச்சு போதும். அவர் இரவில் விழுந்ததை, காலையில் வேலைக்கு வருபவருக்குக் குறித்து வைக்க எழுத்து வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு முன் உணவு கொடுக்க வேண்டாம் என்ற குறிப்பை வாசிக்கத் தெரியாவிட்டால், காலை உணவைக் கொடுத்துவிடுவோம்.

கியூபெக்கில் குடிவந்தோரின் பிரெஞ்சு அறிவை 12 நிலைகளாக அளக்கிறார்கள். 1–4 தொடக்கம், 5–8 இடைநிலை, 9–12 உயர்நிலை. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்குக்கும் தனித்தனி நிலை உண்டு. தொழிற்சாலையில் காதால் பிரெஞ்சு பழகிய ஒருவர் இப்படி எழுதலாம்:

தமிழ்: தாய்மொழி, வாசிப்பேன், எழுதுவேன்.
ஆங்கிலம்: பேச்சு நன்று, எழுத்து நடுத்தரம்.
பிரெஞ்சு: கேட்டல் 7, பேச்சு 7, வாசிப்பு 5, எழுத்து 3.

இதைப் பார்ப்பவர், இவரை நோயாளியின் அருகில் வைக்கலாம், அறிக்கை எழுதும் பொறுப்பை இப்போதைக்குக் கொடுக்கக்கூடாது என்று விளங்கிக்கொள்வார். "சரளம்" என்று எழுதினால், நேர்முகத் தேர்வில் நான்கு வரி எழுதச் சொல்லும்போதே உண்மை தெரிந்துவிடும்.

வகுப்பில் நிலை கணிக்கப்படாதவர்கள், கைத்தொலைபேசியின் உதவியின்றி நேற்றைய வேலையை ஐந்து வரியில் பிரெஞ்சில் எழுதி, பிரெஞ்சு நன்கு தெரிந்தவரிடம் காட்டுங்கள். அவருக்கு வாய்விளக்கம் தேவைப்பட்டால், எழுத்து இன்னும் தொடக்க நிலைதான்.