மடிக்கணினி மின்கலம்: 80 சதவீதத்தில் நிறுத்துவது ஏன்?

மேசையில் வைத்து, எப்போதும் மின் இணைப்பிலேயே பயன்படுத்தப்படும் மடிக்கணினியின் பேட்டரி எனப்படும் மின்கலம், அதிகம் பயன்படுத்தப்படாத நிலையிலும் ஓரிரு ஆண்டுகளில் வலுவிழந்துவிடுவது உண்டு. மின்னேற்றத்திற்கு வரம்பு விதிக்கும் வசதி பல மடிக்கணினிகளில் இருப்பதற்கு இதுவே காரணம்.

மின்கலம் நிரம்பிய பின்னும் மின்சாரம் தொடர்ந்து பாய்வதால்தான் பாதிப்பு ஏற்படுகிறது எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால், நிரம்பியதும் மின்னேற்றம் தானாகவே நின்றுவிடும். நிரம்பிய நிலையிலேயே மின்கலம் நீண்டகாலம் இருப்பதுதான் பிரச்சினை.

பொதுவான லித்தியம் அயனி மின்கலத்தின் ஒவ்வொரு அறையிலும், முழுமையாக நிரம்பும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ட்டை எட்டும். அந்த உயர் அழுத்தத்தில் உள்ளிருக்கும் மின்பகு திரவம் மெல்லச் சிதைகிறது. மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியத்தின் ஒரு பகுதியும் மின்முனைகளில் படலமாகச் சிக்கிக்கொள்கிறது. கணினியின் வெப்பம் இதனை விரைவுபடுத்துகிறது. வரம்பை 80 சதவீதமாக வைத்தால் மின்னழுத்தம் சுமார் 4 வோல்ட்டுக்குக் குறைந்து, சிதைவின் வேகமும் தணிகிறது.

லெனோவோ நிறுவனத்தின் திங்க்பேட் கணினிகளை உதாரணமாகக் கொள்ளலாம். Lenovo Vantage என்ற செயலியில் இரண்டு அளவுகளைத் தெரிவு செய்யலாம். 75, 80 எனக் கொடுத்தால், மின்கலம் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பின்னரே மின்னேற்றம் தொடங்கி, 80இல் நிற்கும். இடையில் 78 சதவீதத்தில் மின்னேற்றம் நடைபெறாதிருப்பது பழுதல்ல. ஏற்கெனவே 100 சதவீதத்தில் இருக்கும் மின்கலம், வரம்பை மாற்றியவுடன் தானாக இறங்கிவிடாது என்பதும் கவனிக்கத்தக்கது. இணைப்பைத் துண்டித்து, 80 சதவீதத்துக்கு இறங்கும்வரை கணினியைப் பயன்படுத்த வேண்டும்.

மின்கலத்தின் நிலையை அறிய, விண்டோஸ் கணினியில் இந்தக் கட்டளையைக் கொடுக்கலாம்:

```
powercfg /batteryreport
```

இதில் உருவாகும் அறிக்கையில் DESIGN CAPACITY என்பது புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு; FULL CHARGE CAPACITY என்பது தற்போதைய மதிப்பீடு. முதலாவது 50,000, இரண்டாவது 42,000 மில்லிவாட் மணி எனில், 16 சதவீதம் இழக்கப்பட்டுள்ளது. இழந்ததை வரம்பு மீட்டுத் தராது. எஞ்சியதன் தேய்மானத்தையே அது தாமதப்படுத்தும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 50 வாட் மணி கொள்ளளவுள்ள மின்கலம், 10 வாட் செலவிடும் கணினியை 5 மணி நேரம் இயக்கும் என்றால், 80 சதவீத வரம்பில் அது 4 மணி நேரமாகக் குறையும். எனவே பயணத்துக்கு முந்தைய இரவு வரம்பை நீக்கி முழுமையாக மின்னேற்றம் செய்து, திரும்பியதும் மீண்டும் அமைத்துக்கொள்வது நல்லது.

தொடுபலகை மேலெழும்பினாலோ, அடிப்பகுதி புடைத்தாலோ, மின்கலம் வீங்கியிருக்கக்கூடும். அந்நிலையில் வரம்பு எதுவும் உதவாது. மின் இணைப்பைத் துண்டித்து, மின்கலத்தையே மாற்ற வேண்டும்.