கோல் விழுந்த பிறகு: ஒரு கணக்கு பிறந்த கதை

கிருமாம்பாக்கத்தில் அறுப்பு முடிந்த வயலில் சாயங்காலம் பையன்கள் பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டம் ஒன்றுக்கு சைபர். முன்னிலையில் இருக்கும் பக்கத்து பேக் ஆட்டக்காரன் பந்தை வாங்கினான், திரும்பினான், பக்கத்துக் கரும்புக் கொல்லைக்குள் ஓங்கி உதைத்தான். அதை எடுக்கப் போனவன் வரப்போரம் கழற்றி வைத்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நிதானமாக நடந்தான். “டேய், ஓடுடா, இருட்டுதுடா!” என்று எதிர்ப்பக்கம் கத்தியது. கோல் அடித்தவன் ஆட்டத்தை ஆற வைப்பான், வாங்கியவன் அவசரப்படுவான். பந்து ஆடிய எவனுக்கும் இது தெரியும். ஆனால் கணக்குப் போட்டவர்களுக்கு இது வெகுநாள் பிடிபடவில்லை.

1982இல் மாஹர் என்ற ஆய்வாளர் ஒவ்வோர் அணிக்கும் தாக்கும் பலம், தடுக்கும் பலம் என்று இரண்டு எண்களைக் கொடுத்து, ஓர் ஆட்டத்தில் எத்தனை கோல் எதிர்பார்க்கலாம் என்று கணித்தார். 1997இல் மார்க் டிக்சனும் ஸ்டுவர்ட் கோல்ஸும் அதைச் செம்மைப்படுத்திப் பந்தய விலைகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டு கணக்குக்கும் முடிவு ஸ்கோர்தான் கண்ணில் பட்டது. முதல் கோல் ஐந்தாம் நிமிஷத்தில் விழுந்ததா, எண்பதில் விழுந்ததா என்ற கேள்வியே அதில் இல்லை.

அந்தக் கேள்வி 1998இல் வந்தது. ஆட்டம் நடக்கும்போதே பந்தயம் கட்டும் வழக்கம் பிரிட்டனில் வளர்ந்துகொண்டிருந்த காலம். டிக்சனும் மைக்கேல் ராபின்சனும் 1993 முதல் 1996 வரையிலான நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இங்கிலாந்து ஆட்டங்களில் ஒவ்வொரு கோலும் விழுந்த நிமிஷத்தை எடுத்துக்கொண்டார்கள். மக்கள்தொகைக் கணக்கில் பயன்படும் பிறப்பு நிகழ்முறை என்ற கருவியைக் கையில் எடுத்தார்கள். ஒவ்வொரு கோலும் ஒரு பிறப்பு. அது பிறந்த நொடியிலேயே அடுத்த பிறப்பின் வேகம் மாறலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெறும் கணக்காக எண்ணினால், முன்னிலையில் இருக்கும் அணிதான் மேலும் கோல் போடுவதாகத் தெரியும். முன்னிலை பெறுவது பெரும்பாலும் பலசாலி அணி என்பதே காரணம். அந்தப் பலம் ஆற வைக்கும் பழக்கத்தை மறைத்துவிடுகிறது. அணிகளின் பலத்தை முதலில் கழித்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது: சொந்த மைதானத்து அணி முன்னிலை பெற்றால் அதன் வேகம் குறைகிறது, விருந்தாளி அணியின் வேகம் கூடுகிறது. விருந்தாளி முன்னிலை பெற்றால் சொந்த அணி பாய்கிறது, அப்போது பின்னால் திறக்கும் இடத்தில் விருந்தாளிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஸ்கோர் எதுவானாலும் நேரம் ஆக ஆக இரண்டு பக்கமும் கோல் வேகம் ஏறுகிறது. இதையும் தனியே பிரிக்காவிட்டால் களைப்பின் விளைவை ஸ்கோரின் விளைவாக எடுத்துக்கொள்வோம்.

விலைக்கு இது என்ன செய்கிறது? நானே ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கிறேன். இரண்டாம் பாதியில் பலமான சொந்த அணிக்கு 0.9 கோல், விருந்தாளிக்கு 0.6, ஆக 1.5 எதிர்பார்க்கிறோம். அந்தப் பாதியில் இரண்டோ அதற்கு மேலோ கோல் விழும் வாய்ப்பு 44 சதவீதம். லாபம் சேர்க்காத விலை, கட்டிய ஒரு ரூபாய்க்கு 2.26. இடைவேளையில் சொந்த அணி 1-0 என்று முன்னிலை என்றால் 0.9 என்பது 0.8 ஆகலாம், 0.6 என்பது 0.7 ஆகலாம். கூட்டினால் அதே 1.5, அதே விலை. மாறுவது அடுத்த கோல் யாருடையது என்பதுதான்: விருந்தாளியின் பங்கு 40இலிருந்து 47 சதவீதத்துக்கு ஏறுகிறது. மாறாக விருந்தாளி முன்னிலை என்றால் 1.0, 0.65 என்று வைப்போம். மொத்தம் 1.65, வாய்ப்பு 49 சதவீதம், விலை 2.04. ஒரு கோல் விழுந்துவிட்டது, இனி கோல்மழைதான் என்று எல்லா ஆட்டத்துக்கும் விலையைக் குறைப்பது தவறு என்பது இங்கேதான் தெரிகிறது.

ஷாட்டுகளை மட்டும் எண்ணினாலும் ஏமாறுவோம். பின்தங்கிய அணி நிறைய அடிக்கும். ஆனால் எதிரே பத்துப் பேர் அடைத்து நிற்பதால் தூரத்திலிருந்து அடிக்கும். முன்னிலை அணியின் ஒரே எதிர்த்தாக்குதல் அவற்றில் ஐந்துக்குச் சமமாகலாம்.

நம் பக்கத்தில் இதைக் கண்ணால் பார்த்த நாள் 2015 டிசம்பர் 20. ஃபடோர்டாவில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம், எஃப்சி கோவாவும் சென்னையினும். இடைவேளைவரை கோலே இல்லை. 54இல் சென்னையினின் பெலிசாரி, 58இல் கோவாவின் ஹாவோகிப், 87இல் கோவாவின் ஜோஃப்ரே. சொந்த மைதானம், 2-1, மூன்றே நிமிஷம் பாக்கி. சென்னையின் இழக்க இனி எதுவும் இல்லாமல் ஏறி வந்தது. 90இல் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டுச் சேம் சைடு கோல், இஞ்சுரி டைமில் மென்டோசா. சென்னையினுக்கு 3-2.

ஓர் ஆட்டம் எந்த விதியையும் நிரூபிக்காது. அந்த 87ஆம் நிமிஷத்தில் எந்தக் கணக்கும் சென்னையினுக்குப் பெரிய வாய்ப்புக் கொடுத்திருக்காது. முதல் பாதியின் வேகத்தையே வைத்துப் போட்ட கணக்கைவிட ஸ்கோரைப் பார்த்துப் போட்ட கணக்கு சற்றே கூடுதலாகக் கொடுத்திருக்கும், அவ்வளவுதான்.